தூர்வாரிய வடிகால் அடுத்த கோடை மழைக்கே ஏன் அடைத்துக்கொள்கிறது?

"கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிகளை ஒட்டிய கடைத்தெரு எங்களுடையது. 1,200 அடி நீளம், 2 அடி அகலம், 3 அடி ஆழத்தில், மேலே சிலாப் போட்ட மழைநீர் வடிகால் இருக்கிறது. வருஷா வருஷம் செப்டம்பரில் தூர்வாருகிறார்கள். அள்ளிய சகதி நாள்கணக்கில் ஓரத்திலேயே கிடக்கிறது. மே மாதத்தில் கோடை மழை பெய்தால் தெருக்கோடி சிறுபாலத்தில் குப்பை அடைத்து, தண்ணீர் கடைக்குள் வருகிறது. கூட்டுவதற்கும் தூர்வாருவதற்கும் என்ன அட்டவணை கேட்டு மனு கொடுக்கலாம்? சிறுபாலத்தின் வாயில் வலை கட்டினால் குப்பை நிற்குமா?"

முதலில் மாதத்தைச் சரிசெய்யுங்கள். செப்டம்பரில் ஒரே தடவை தூர்வாருவது சென்னைக்கும் கடலோர மாவட்டங்களுக்கும் பொருந்துகிற கணக்கு. அவர்களுக்குப் பெருமழை என்றால் அக்டோபர் கடைசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் மழை அப்படிப் பெய்வதில்லை. ஏப்ரல் பாதியிலிருந்து மே வரை மாலை நேரத்தில் இடியோடு கோடை மழை கொட்டும். ஒரு மணி நேரம்தான் பெய்யும், ஆனால் அடித்துப் பெய்யும். அப்புறம் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை மழை ஏறிக்கொண்டே போகும். செப்டம்பரில் மண்வெட்டி எடுப்பவர்கள் மழைக்கு நடுவில் நின்று வேலை செய்கிறார்கள். கோடை மழைக்கு உங்கள் வடிகால் ஏழெட்டு மாத மண்ணைச் சுமந்துகொண்டுதான் காத்திருக்கிறது.

நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு சுற்று. முதல் சுற்று மார்ச் முதல் வாரத்தில் தொடங்கி ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் முடிய வேண்டும். அதற்குள் வேம்பும் புங்கனும் அரச மரமும் இலை கொட்டி முடித்திருக்கும், மண்டிக்கு மாங்காய் வரத்தும் சூடு பிடித்திருக்காது. இரண்டாவது சுற்று ஜூலை கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிய வேண்டும். மாங்காய் சீசன் ஓய்ந்து, வைக்கோலும் காகிதமும் வடிகாலுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும் நேரம் அது. செப்டம்பர் மழைக்கு முன்னால் அவற்றை வெளியே எடுத்துவிடலாம்.

மார்ச் சுற்றில் ஒரு நிர்வாகச் சிக்கல் உண்டு. நிதியாண்டு மாறுகிற மாதம் என்பதால், வேலைக்கான உத்தரவைப் பிப்ரவரியிலேயே வாங்கி வைக்கவில்லை என்றால் ஏப்ரலில் புது டெண்டர் என்று ஆகிவிடும். டெண்டர் முடிந்து ஆள் வரும்போது மே பிறந்திருக்கும். ஆகவே உங்கள் மனு ஜனவரியிலேயே நகராட்சிக்குப் போக வேண்டும். நகராட்சிகளின் பொது சுகாதாரப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், வேலை நடக்குமா நடக்காதா என்பது பெரும்பாலும் மனு போன மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது.

சரி, இனி உங்கள் வடிகாலையே எடுத்துக்கொள்வோம். எட்டு மாதம் கழித்து அதில் எவ்வளவு மண் இருக்கும் என்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, அளக்க வேண்டும். முக்கால் அங்குலக் கம்பி ஒன்றில் அரை அடிக்கு ஒரு கோடாகப் பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள். சிலாப் இடுக்கு வழியாகக் கம்பியை இறக்கினால் முதலில் மண்ணின் மேல்பரப்பில் மெத்தென்று நிற்கும். அந்த அளவைக் குறித்துக்கொண்டு அழுத்திக் குத்துங்கள். அடித்தளக் கான்கிரீட்டில் மோதும்போது "டக்" என்று கைக்குத் தெரியும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டலின் ஆழம். ஐம்பது அடிக்கு ஒரு இடம் என்று அளந்தால், இரண்டு பேர் அரை நாளில் தெரு முழுவதையும் முடித்துவிடலாம்.

அப்படி அளந்தால் ஒரு விஷயம் உடனே புலப்படும். மண் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது. நம் ஊர்த் தரை மலையடிவாரத்திலிருந்து சரிந்து வந்து திடீரென்று சமமாகிவிடும். சரிவில் வேகமாக வருகிற தண்ணீர் மணலைத் தூக்கிக்கொண்டு வருகிறது. சமதளத்தில் வேகம் குறைந்ததும் அதை அப்படியே இறக்கி வைத்துவிடுகிறது. நொடிக்கு இரண்டு அடியாவது ஓடினால்தான் மணல் தங்காமல் போகும். உங்கள் தெருவில் மேல் 800 அடியில் சராசரியாக அரை அடியும், சிறுபாலத்தை ஒட்டிய கடைசி 400 அடியில் ஒன்றரை அடியும் மண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல் பகுதியில் 800 கன அடி, கீழ்ப் பகுதியில் 1,200 கன அடி, மொத்தம் 2,000 கன அடி. லாரிக்காரர் கணக்கில் 20 யூனிட். தெருவின் மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் அறுபது சதவீத மண் உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீர் போகும் அளவோ அதைவிட மோசமாகக் குறைகிறது. மூன்று அடி ஆழத்தில் ஒன்றரை அடி மண் இருந்தால் பாதித் தண்ணீராவது போகும் என்று நினைப்போம். ஆழம் குறைந்தால் தண்ணீர் சுவரிலும் தரையிலும் உரசுவது கூடி வேகமும் குறையும் என்பதால், உண்மையில் போவது நாற்பது சதவீதத்தை ஒட்டித்தான். மேலே எத்தனை அடி சுத்தமாக இருந்தாலும், கடைசி 400 அடி எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் தெருவிலிருந்து வெளியேறும். மிச்சம் கடைக்குள் வரும்.

ஆகவே தூர்வாருவதை எப்போதும் கீழே இருந்து மேலே தொடங்க வேண்டும். முதலில் சிறுபாலம், அப்புறம் அதற்கு மேல் 400 அடி, அப்புறம் மீதி. நடைமுறையில் புகார் கொடுத்தவர் கடை வாசலில்தான் முதல் சிலாப் தூக்கப்படுகிறது, அது தெருவின் மேல் முனையில் இருந்தாலும். கீழே வழி திறக்காமல் மேலே கிளறினால், கிளறிய சகதி மிதந்து வந்து கீழே இன்னும் கெட்டியாகப் படியும். கீழே திறந்துவிட்டால் தேங்கிய தண்ணீர் வடிந்து, மேலே வேலை செய்பவர்களுக்கு மண் ஓரளவு கெட்டியாகக் கிடைக்கும். கழிவுநீர் ஓடிக்கொண்டே இருக்கிற இடத்தில், வேலை நடக்கும் நூறு அடிக்கு மேலே மணல் மூட்டை அடுக்கித் தடுத்து, ஒரு சின்ன மோட்டார் வைத்துத் தண்ணீரைத் தாண்டி இறைத்துவிட வேண்டும்.

ஆள் கணக்கையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஈரச் சகதியை வெட்டிப் பாண்டில் ஏற்றி வெளியே கொட்ட, ஒரு ஆள் ஒரு நாளில் அரை யூனிட் என்பது நியாயமான கணக்கு. 20 யூனிட்டுக்கு 40 ஆள்நாள். எட்டுப் பேர் கொண்ட குழு என்றால் ஐந்து நாள். இரண்டே நாளில் ஆறு பேர் முடித்துவிட்டார்கள் என்றால் மண் உள்ளேதான் இருக்கிறது.

எங்கே விடுபடுகிறது என்பதும் தெரிந்த கதைதான். இரண்டரை அடிக்கு மூன்று அடி, நான்கு அங்குலக் கனமுள்ள சிலாப் ஒன்று 170 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். உங்கள் தெருவில் அப்படி 400 சிலாப். எல்லாவற்றையும் கடப்பாரை போட்டு நெம்ப யாருக்கும் மனம் வராது. நாலுக்கு ஒன்று தூக்கி, கைக்கு எட்டியவரை மண்வெட்டியால் இழுத்துவிட்டு மூடிவிடுவார்கள். நடுவில் திறக்காத ஒவ்வொரு ஒன்பது அடியிலும் ஒரு மண்மேடு அப்படியே இருக்கும். அது தடுப்பணையாகி, அடுத்த மழையிலேயே சுற்றிலும் மண் சேர்த்துக்கொள்ளும். இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, வேலை முடிந்ததும் அதே கம்பியால் அதே இடங்களில் அளப்பது, முக்கியமாகத் தூக்காத சிலாப்களின் நடுவில். இரண்டாவது, பில். ஓட்ட மீட்டர் கணக்கில் பணம் கொடுத்தால் மேல் மண்ணை வழித்துவிட்டுப் போவார்கள். கன அடி கணக்கில், டிப்பர் நடைச்சீட்டோடு சேர்த்துக் கொடுத்தால் அடி மண்ணும் வெளியே வரும். முன் அளவும் பின் அளவும் ஒரு தாளில் இருந்தால் துப்புரவு ஆய்வாளருக்கும் அது கைகொடுக்கும், ஏனென்றால் அவரிடம்தான் தணிக்கை கேள்வி கேட்கும்.

மண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்காமல் அட்டவணை முழுமையாகாது. எட்டு மாதத்தில் 2,000 கன அடி என்றால் நாள் ஒன்றுக்குச் சுமார் எட்டு கன அடி, பதினைந்து இருபது பாண்டு. அத்தனையும் தெருவில் கிடந்து, மழையோடும் துடைப்பத்தோடும் உள்ளே போனதுதான். ரோட்டோரச் செம்மண், கட்டடம் கட்டுகிறவர்கள் கொட்டிவைத்த மணலும் எம்-சாண்டும், கிரானைட் அறுக்கும் இடங்களிலிருந்து லாரிச் சக்கரத்தோடு வரும் மாவுத்தூள், இவைதான் நம் ஊர் வண்டலில் பெரும்பங்கு. அந்த மாவுத்தூள் தனிக் கேடு. மணலோடு கலந்து காய்ந்தால் இறுகிப்போய்க் கடப்பாரைதான் தேவைப்படும்.

தெருக் கூட்டுவதில் குப்பை பொறுக்குவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது, மண் வழிப்பதை யாரும் கேட்பதில்லை. துடைப்பம் தாளையும் கவரையும் இழுக்கும். ரோட்டின் ஓரத்திலும் நடுத் தடுப்பை ஒட்டியும் இரண்டு விரல் கனத்துக்குப் படிந்த மண்ணைத் துடைப்பத்தால் எடுக்க முடியாது, மண்வெட்டியால் வழிக்க வேண்டும். கடைத்தெருவில் குப்பைக்காகத் தினமும் கூட்ட வேண்டும். ஓர மண் வழிப்பதை வாரத்துக்கு ஒரு நாள், கிழமை குறித்துத் தனி வேலையாக வைக்க வேண்டும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அதை வாரத்துக்கு இரண்டாக்கினால் போதும். குடியிருப்புத் தெருக்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் கூட்டினாலே சரியாக இருக்கும். மக்கள் நெருக்கத்தையும் வியாபாரத்தையும் பார்த்து தினமும், ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது வாரம் இருமுறை என்று பிரித்துக்கொள்ளச் சொல்லி 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இடம் இருந்தது. எல்லாத் தெருவுக்கும் தினமும் கேட்டால், நெரிசலான தெருவுக்குத் தேவையான ஆள் கிடைக்காமல் போவதுதான் மிச்சம்.

ஒருவர் கூட்டக்கூடிய நீளத்துக்கும் எல்லை உண்டு. நெரிசலான கடைத்தெருவில் ஒருவருக்கு 300 முதல் 350 மீட்டர் என்பது வழக்கமான அளவு. உங்கள் 1,200 அடி ஏறக்குறைய 365 மீட்டர். அதாவது உங்கள் தெருவுக்கு ஒரு முழு ஆள் தேவை. அவரையே பக்கத்து மூன்று தெருவுக்கும் அனுப்பினால், கூட்டிக் குவித்ததை அள்ள நேரம் இல்லாமல் வடிகால் வாயில் தள்ளிவிட்டுப் போகத்தான் செய்வார். அதை அவர் குற்றமாக எழுதி மனு போடாதீர்கள். குவித்த இடத்திலேயே அள்ள பேட்டரி வண்டி ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்று கேளுங்கள்.

நேரமும் இதில் சேர்த்தி. கடைக்காரர்கள் இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கடை சாத்தும்போது வாசலைக் கூட்டுகிறார்கள். துப்புரவு வண்டி காலை ஆறு மணிக்கு வருகிறது. இடையில் அந்தக் குப்பை போகக்கூடிய ஒரே இடம் வாசலில் இருக்கிற சாக்கடை ஓட்டை. கோடை மழை பெய்வதும் பெரும்பாலும் மாலையிலும் இரவிலும்தான். கடைத்தெருவுக்கு மட்டும் இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு வண்டி வந்து போனால் மிதக்கிற குப்பை கணிசமாகக் குறையும். இதற்குக் கூடுதல் செலவு என்று சொல்வார்கள். காலை நடையில் ஒன்றைக் குறைத்து இரவுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இப்போது அள்ளிய சகதி. ஓரத்தில் காயட்டும் என்று விடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அப்போதுதான் அள்ளிய சகதி கூழாக இருக்கும், டிப்பரில் ஏற்றினால் வழிநெடுக ஒழுகும், எடையும் அதிகம். ஆனால் விட்டுவைத்தால் வண்டிச் சக்கரம் மிதித்துப் பரப்பும், காய்ந்து புழுதியாகும், ஒரு மழை வந்தால் கரைந்து அதே ஓட்டை வழியாக உள்ளே போய்விடும். கொடுத்த கூலி வீண்.

நடுவழி இதுதான். காலையில் அள்ளியதை வடிகால் விளிம்பிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி, கோணியோ தார்ப்பாயோ விரித்து அதன்மேல் கொட்ட வேண்டும். நாலைந்து மணி நேரத்தில் தண்ணீர் கசிந்து வடிந்துவிடும். அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். அன்றன்றைக்கு எத்தனை யூனிட் ஏற்ற முடியுமோ அவ்வளவுதான் அன்றைக்கு அள்ள வேண்டும். எட்டுப் பேர் ஒரு நாளில் நாலு யூனிட் எடுப்பார்கள். ஈர மண் என்பதால் டிப்பரில் இரண்டு யூனிட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, அதுவே ஒன்பது டன் வரும். ஆக நாளுக்கு இரண்டு நடை, ஐந்து நாளில் பத்து நடை. டிப்பர் வராத நாளில் சிலாப் தூக்கவே கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுத வைக்கலாம். என் அனுபவத்தில் சகதி ஓரத்தில் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஆள் ஒரு ஒப்பந்தக்காரரும் வண்டி வேறு ஒருவரும் என்பதுதான். தெருவுக்குள் டிப்பர் நுழைய முடியாவிட்டால், இடைக்காலமாகக் கொட்டி வைக்க மூடிய இடம் ஒன்றை உள்ளாட்சி அமைப்பு ஏற்படுத்த வேண்டும் என்று அதே 2016 விதிகள் சொல்லின. மனுவில் இதைக் குறிப்பிடுங்கள்.

அந்த மண் எங்கே போகிறது என்பதையும் கேளுங்கள். நம் ஊரில் மழைநீர் வடிகால் என்று கட்டியதில் வீட்டுக் கழிவுநீரும், மெக்கானிக் ஷாப் எண்ணெயும், சில இடங்களில் செப்டிக் டேங்க் வழிவதும் சேர்ந்துதான் ஓடுகிறது. அதனால் வருகிற வண்டல் கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, நாற்றத்தோடு இருக்கும். ஏரியில் வண்டல் எடுத்து வயலில் போட அரசே விவசாயிகளுக்கு அனுமதி தருகிறது. அதைப் பார்த்துப் பழகியவர்கள், இதுவும் வண்டல்தானே, என் மாந்தோப்பில் கொட்டுங்கள் என்று டிப்பர்காரரிடம் கேட்பதுண்டு. கொடுக்கக் கூடாது. ஏரி வண்டல் வேறு, கண்ணாடித் துண்டும் ஊசியும் கன உலோகமும் கலந்த சாக்கடை வண்டல் வேறு. ஏரிக்கரையில் கொட்டுவதும் கூடாது. ஒரே மழையில் ஏரிக்குள் போய்விடும்.

செய்ய வேண்டியது, உரக்கிடங்கில் ஒரு மூலையை ஒதுக்கி, தரையைக் கெட்டிப்படுத்தி, சுற்றிலும் ஒரு அடி வரப்பு கட்டி அதில் அரை அடி கனத்துக்குப் பரப்புவது. மார்ச், ஏப்ரல் வெயிலில் ஒரு வாரம் பத்து நாளில் காய்ந்துவிடும், இடையில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். முதல் சுற்றை மார்ச்சில் வைப்பதில் இந்த லாபமும் இருக்கிறது. ஆகஸ்ட் சுற்றில் காய இரண்டு மடங்கு நாளாகும், மேலே கூரையும் வேண்டும். காய்ந்ததைச் சாய்வுச் சல்லடையில் போட்டால் கவர், துணி, பாட்டில் மூடி, கண்ணாடி தனியாக நிற்கும். கீழே விழும் மணலைக் குப்பைக் கிடங்கில் குப்பையின் மேல் மூடவோ, குடியிருப்பு இல்லாத பள்ளங்களை நிரப்பவோ பயன்படுத்தலாம். பூச்சுக்கும் கான்கிரீட்டுக்கும் ஆகாது, செடிக்கும் ஆகாது.

இந்த வேலை செய்பவர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2 அடிக்கு 3 அடி வடிகாலில் சிலாப்பைத் தூக்கிவிட்டு மேலே நின்று வாரலாம். மூடிய சிறுபாலத்துக்குள்ளோ நீளமான குழாய்க்குள்ளோ ஆளை இறக்கவே கூடாது. அழுகிய சகதியைக் கிளறும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆள் சரிந்துவிடுவார். பாதுகாப்பில்லாமல் பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சிறுபாலத்துக்கு ஜெட்டிங் வண்டியை வரவழையுங்கள். அதிலும் கவனம் வேண்டும். ஜெட் அடித்தால் மணல் மறைவதில்லை, கீழே நகர்கிறது. சிறுபாலத்தின் கீழ் முனையில் மணல் மூட்டை வைத்துத் தடுத்து, அங்கே சேர்வதை உறிஞ்சு வண்டி எடுக்க வேண்டும். மேலே நின்று வாருபவர்களுக்கும் முழங்கால் வரை கம்பூட்ஸ், கனமான ரப்பர் கையுறை, டி.டி. ஊசி கட்டாயம். கையில் சிறு வெட்டுக்காயம் இருந்தாலே எலிக்காய்ச்சல் தொற்றப் போதும்.

கடைசியாக மிதக்கிற குப்பையும் வலையும். சிறுபாலத்தின் வாயில் வலை கட்டாதீர்கள். மாங்காய் சீசனில் உங்கள் தெருவிலிருந்து போவது என்ன என்று பாருங்கள்: பெட்டியில் அடுக்குகிற வைக்கோல், பழைய செய்தித்தாள், கேரி கவர், தண்ணீர் பாட்டில். சங்கிலி வலையில் முதலில் வைக்கோல் குறுக்கே படியும், அதன்மேல் ஒரு கவர் ஒட்டும், அப்புறம் ஈரத்தாள் மெழுகியது போல அடைத்துவிடும். மழை தொடங்கிப் பத்து நிமிடத்தில் வலை சுவராகிவிடும். வலை இல்லாமல் போயிருக்க வேண்டிய தண்ணீரும் அன்றைக்கு உங்கள் கடைக்குள்தான் வரும்.

வேலை செய்வது சாய்ந்த கம்பித் தடுப்பு. சிறுபாலத்துக்கு முப்பது, நாற்பது அடி முன்னால், ஆள் நிற்கவும் வண்டி வரவும் வசதியான இடத்தில், வடிகாலை ஆறு அடி நீளத்துக்கு இரண்டடி அகலத்திலிருந்து ஐந்தடியாக விரிக்கச் சொல்லுங்கள். அந்தத் தொட்டிக்குள் செங்குத்துக் கம்பிகளை இரண்டு அங்குல இடைவெளியில், தண்ணீர் போகும் திசையில் 45 டிகிரி சாய்த்துப் பொருத்த வேண்டும். குறுக்குக் கம்பி முன்பக்கம் வரவே கூடாது, வாரிக்கோல் கீழிருந்து மேலே தடையில்லாமல் இழுக்க வேண்டும். கம்பிகளின் உயரம் இரண்டரை அடியோடு நிற்கட்டும், மேலே அரை அடி திறந்திருக்க வேண்டும். முழுவதும் அடைத்துக்கொண்டாலும் தண்ணீர் மேலே ஏறித் தாண்டிப் போய்விடும். கொஞ்சம் குப்பையும் கூடப் போகும், போகட்டும். கடைக்குள் தண்ணீர் வருவதைவிட அது மேல். சாய்வையும் அகலத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் தடுப்பின் பரப்பு பதினேழு சதுர அடிக்கு மேல் வரும். வடிகாலின் குறுக்குப் பரப்பு ஆறு சதுர அடி. அதாவது தடுப்பில் பாதிக்கு மேல் அடைத்தாலும் தண்ணீருக்கு இடம் இருக்கும். நேராக நிறுத்திய இரண்டடித் தடுப்பில் அந்த வசதி கிடையாது.

தொட்டியின் தரையை ஒரு அடி தாழ்த்திவிட்டால், அகலமான இடத்தில் வேகம் குறைந்து மணலும் அங்கேயே விழும். 30 கன அடி பிடிக்கும். மழை மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இதை மட்டும் அள்ளினால் சிறுபாலம் மண் இல்லாமல் இருக்கும். நாலு பேர் நெம்ப வேண்டிய சிலாப்பை இதன் மேல் போடாதீர்கள். ஒருவர் தூக்கித் திறக்கக்கூடிய கீல் வைத்த இரும்புக் கிராதி மூடி போடுங்கள். எட்டாத தடுப்பைச் சுத்தம் செய்ய யாரும் வரமாட்டார்கள்.

இந்தத் தடுப்பு நாள்கணக்கில் நடக்கிற வேலை இல்லை, மழைக்கணக்கில் நடப்பது. நாள்பட்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் அரை மணி நேரம்தான் தெருவில் சேர்ந்த குப்பையில் பெரும்பகுதியை இழுத்து வருகிறது. அப்போது வாரிக்கோலோடு ஒருவர் தடுப்பருகே நின்றால், அன்றைய மழையைச் சமாளித்துவிடலாம். அதற்கு நகராட்சி ஆள் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது, அதே நேரத்தில் அவருக்கு ஊர் முழுக்க அழைப்பு வரும். கடைக்காரர்கள் சங்கத்தில் இரண்டு பேர் முறை வைத்து, வாரிக்கோலையும் மூடிச் சாவியையும் பக்கத்துக் கடையில் வைத்துக்கொள்ளலாம். வாரி எடுத்ததை உடனே மூட்டை கட்டிவிடுங்கள். வடிகால் ஓரத்தில் போட்டால் மறு மழைக்கு உள்ளே போய்விடும்.

ஆயுத பூஜையைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மழை உச்சத்தில் இருக்கும் வாரத்தில் ஒவ்வொரு கடை வாசலிலும் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம், உடைத்த பூசணிக்காய். வாழைமட்டை ஒன்று குறுக்கே சிக்கினால் போதும், மற்றதெல்லாம் அதன்மேல் வந்து சேரும். பூஜைக்கு மறுநாள் காலை பத்து மணிக்குள் தனி நடை ஒன்று வேண்டும் என்று தேதி போட்டே கேளுங்கள்.

இதெல்லாம் செய்தாலும் தாங்காத மழை உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பெய்தது. தெரு வடிகால்கள் மணிக்குச் சில சென்டிமீட்டர் மழைக்காகக் கட்டப்பட்டவை. அப்படிப்பட்ட நாளில் ஏரி வரத்தும் போக்கும் ஆக்கிரமிப்பு இல்லாமல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, தூர் வாரினீர்களா என்பது இல்லை. உங்களுக்கு மே மாதத்தில் வருவது அந்த மழை அல்ல. சாதாரண இடிமழைக்கே தண்ணீர் நிற்கிறது என்றால் மேலே சொன்னவற்றில் தீர்வு இருக்கிறது.

தூர்வாரிய பிறகும் ஒரு இடத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் அது மண் பிரச்சினை அல்ல. அடித்தளம் அங்கே மேடாக இருக்கும், அல்லது குடிநீர்க் குழாய் ஒன்று வடிகாலின் குறுக்கே போய்த் துணியைப் பிடித்து வைத்திருக்கும். சிலாப் திறந்திருக்கிற அந்த ஐந்து நாளில் நடந்து பார்த்து, எந்தக் கடை வாசலில் என்று குறித்துக்கொண்டு பொறியியல் பிரிவுக்குத் தனி மனு கொடுங்கள். துப்புரவுப் பிரிவால் அதைச் சரிசெய்ய முடியாது.

எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் தரமாட்டார்கள். பகுதி சபைக் கூட்டத்தில் கேட்கும்போது இந்த வரிசையில் கேளுங்கள்: மார்ச்சில் சிறுபாலமும் கடைசி 400 அடியும், அன்றன்றைக்கே சகதி ஏற்றும் டிப்பர், இரவு ஒன்பதரை மணி வண்டி. கம்பித் தடுப்புத் தொட்டி கட்டுமான வேலை என்பதால் மதிப்பீடு, ஒப்புதல் என்று நேரம் எடுக்கும். அதற்கான மனுவை இப்போதே கொடுத்துவிட்டு, இடத்தை மட்டும் இளநிலைப் பொறியாளரோடு நேரில் நின்று காட்டிவிடுங்கள்.